பூஜ்ஜியக் கோடு எங்கே?

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் அக்கா மகள் ஒரு ஒர்க்‌ஷீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். டையோடு ரெக்டிஃபையரில் மூன்று கேள்விகள், ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் ஒன்று. அந்த ஒன்றுக்குள் மூன்று உட்பிரிவுகள். எல்லாமே தாளில் வரைந்திருக்கும் அலையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவை. "மாமா, சர்க்யூட் எல்லாம் புரியுது. அலையைப் பார்த்துச் சொல்லுன்னு கேட்டாத்தான் குழம்புது" என்று கீழே ஒரு வரி.

அவள் குழம்பியதற்குப் பாதிக் காரணம் படம். தாளைச் சாய்வாக வைத்து எடுத்திருந்தாள். அதோடு, ஸ்கேன் செய்யும் ஆப்பில் போட்டுத் தாளைப் பளிச்சென்று வெள்ளையாக்கியும் விட்டாள். அந்த ஆப்கள் நிழலை நீக்கும்போது மங்கலான எல்லாவற்றையும் சேர்த்து நீக்கிவிடும். கட்டக் கோடுகள் இளநீலத்தில் அச்சாகியிருந்ததால் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. வெளியீட்டு அலைக்குப் பின்னால் உள்ளீட்டு அலையைப் புள்ளிக்கோடாக வரைந்திருப்பார்கள். அதுவும் அங்கங்கே அறுந்து கிடந்தது. "ஃபில்டர் போடாத ஒரிஜினல் படத்தை அனுப்பும்மா" என்றேன். அதில் எல்லாம் தெரிந்தது, நிழலோடு.

சாய்வான படத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டம் பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். மேலே உள்ளீடு, கீழே வெளியீடு என்று வரைந்திருந்தால், கீழே இருப்பது வெறும் கோணத்தாலேயே பெரிதாகத் தெரியும். அதனால் திரையில் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது. அலைக்கு அருகிலேயே இருக்கும் கட்டங்களைத்தான் எண்ண வேண்டும். படம் எப்படிச் சாய்ந்தாலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது.

எண்ணுவதற்கு முன்பு மூன்று விஷயங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், ஒரு கட்டத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட், பூஜ்ஜிய வோல்ட் கோடு எது. முதல் இரண்டும் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் இருக்கும், படம் எடுப்பவர் வெட்டிவிடும் இடமும் அதுதான். மூன்றாவதைப் பல ஒர்க்‌ஷீட்டுகளில் எழுதுவதே இல்லை. நடுவில் போகும் தடித்த கோடுதான் பூஜ்ஜியம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ரெக்டிஃபையர் வரைக்கும் அது ஓடிவிடும். ட்ரான்சிஸ்டருக்கு வரும்போது அங்கேதான் இடறும்.

முதல் கேள்வி எளிது. 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு 4007 டையோடு, 1 கிலோ ஓம் லோடு. அரை அலை ரெக்டிஃபையர். உள்ளீட்டு அலை கொடுத்திருக்கிறார்கள், வெளியீட்டை வரைய வேண்டும். கட்டத்துக்கு 5 வோல்ட், கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட். ஒரு முழுச் சுற்று நான்கு கட்டம், அதாவது 20 மில்லிசெகண்ட், அதாவது 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம்தான். உச்சம் மூன்று கட்டத்தைத் தாண்டி இன்னும் அரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவு, 3.4 என்று வைத்தால் 17 வோல்ட். 12 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு. அதை 1.414 ஆல் பெருக்கினால் அதே 17 வருகிறது. சரி, படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்று இங்கேயே தெரிந்துவிடும்.

டையோடில் 0.7 வோல்ட் போனால் வெளியீட்டு உச்சம் 16.3. ஆனால் இந்த அளவுகோலில் 0.7 வோல்ட் என்பது ஒரு கட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு உச்சங்களும் ஒரே உயரமாகத் தெரிந்தால் வரைந்தது தப்பில்லை. பக்கத்தில் 16.3 என்று எழுதிவிட்டால் போதும். இதே வெளியீட்டில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்தால் சராசரிதான் காட்டும்: 16.3 ஐ 3.14 ஆல் வகுத்து, 5.2 வோல்ட். லேபில் 12 வோல்ட் கொடுத்து 5 வோல்ட்தான் வருகிறது, டையோடு போய்விட்டது என்று புதிது புதிதாக டையோடு மாற்றுகிறவர்கள் உண்டு. கெப்பாசிட்டர் இல்லாத அரை அலைக்கு அந்த 5 தான் சரியான பதில்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சர்க்யூட் அதேதான், ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சிக்னல் ஜெனரேட்டர். உச்சம் 2 வோல்ட், 100 ஹெர்ட்ஸ். கட்டத்துக்கு அரை வோல்ட், ஒரு மில்லிசெகண்ட். இந்த முறை வெளியீட்டையும் அவர்களே வரைந்து கொடுத்துவிட்டு, "வெளியீட்டு மேடு உள்ளீட்டை விடக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருப்பது ஏன்? எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

குட்டையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும்: 2 இலிருந்து 0.7 போனால் 1.3 வோல்ட், அதாவது 4 கட்ட உயரம் 2.6 ஆகிவிடும். ஒடுக்கமாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உள்ளீடு பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் டையோடு திறந்துகொள்வதில்லை. 0.7 ஐத் தொடும்வரை வெளியீடு பூஜ்ஜியத்திலேயே படுத்திருக்கும். 2 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை 0.7 ஐத் தொடும் கோணத்தை இப்படிப் பிடிக்கலாம்:

```
sin θ = 0.7 / 2 = 0.35
θ ≈ 20.5°
```

ஒரு சுற்று 10 மில்லிசெகண்ட். அதில் 20.5 பாகை என்பது கிட்டத்தட்ட 0.57 மில்லிசெகண்ட், தாளில் அரைக் கட்டத்துக்கு மேல். இறங்கும் பக்கமும் அதே அளவு முன்கூட்டியே முடிந்துவிடும். ஆக 5 மில்லிசெகண்ட் அகலம் இருக்க வேண்டிய மேடு 3.9 மில்லிசெகண்ட்தான் இருக்கும். முதல் கேள்வியிலும் இதே தாமதம் இருந்தது, ஆனால் 17 வோல்ட்டுக்கு 0.7 என்பதால் அது இரண்டரைப் பாகைக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியவில்லை. சர்க்யூட் ஒன்றுதான், டையோடும் ஒன்றுதான். அளவுகோல் மாறியதும் டையோடின் குணம் படத்தில் வந்து நிற்கிறது.

இங்கே சராசரி கேட்டால் உச்சத்தை 3.14 ஆல் வகுக்கும் வழி உதவாது. 1.3 ஐ வகுத்தால் 0.41 வரும். ஆனால் அந்தச் சூத்திரம் முழு அரைச் சுற்று அகலமுள்ள மேட்டுக்கானது. நம் மேடு ஒடுங்கிப் போனதால் உண்மையான சராசரி 0.33 வோல்ட் பக்கம்தான் வரும். டையோடை இலட்சிய டையோடு என்று எடுத்துக்கொண்டு 2 ஐ 3.14 ஆல் வகுத்தவருக்கு 0.64 கிடைக்கும், கிட்டத்தட்ட இரு மடங்கு. சின்ன சிக்னலை வெறும் டையோடை வைத்துத் திருத்தி அளக்க முடியாது என்பது இதனால்தான்.

ஒரு சின்ன விஷயம். 0.7 என்பது கணக்குக்காக எல்லோரும் ஒத்துக்கொண்ட எண். இந்தச் சர்க்யூட்டில் லோடு வழியாக ஒரு மில்லிஆம்பியர் அளவுதான் ஓடுகிறது. அந்த அளவுக்கு 4007 இல் 0.6 பக்கம்தான் விழும். அலையைத் திரையில் காட்டும் கருவியான சிஆர்ஓவில் பார்த்தால் மேடு முளைக்கும் இடம் கத்தியால் வெட்டிய மூலையாகவும் இருக்காது, மெல்ல வளைந்து எழும். ஒர்க்‌ஷீட்டில் 0.7 என்று போட்டிருந்தால் 0.7 போடுங்கள், லேபில் 1.4 வோல்ட் உச்சம் வந்தால் பதற வேண்டாம்.

அக்கா மகள் இதற்கு விளக்கமாக வரைந்திருந்த படத்தில் மேட்டின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. 0.7 குறைய வேண்டும் என்று உச்சியைச் சீவிவிட்டாள். இது பரவலாக நடப்பதுதான். குறைவது முழு மேடும், அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது அடிப்பகுதி பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே போவதால்தான் அகலம் சுருங்குகிறது. தலை தட்டையாகும் அலை வேறு இடத்தில் கிடைக்கும். அதே சர்க்யூட்டில் வெளியீட்டை லோடின் குறுக்கே எடுக்காமல் டையோடின் குறுக்கே எடுத்துப் பாருங்கள். மேல் பாதி 0.7 இல் தட்டையாக நின்றுவிடும், கீழ்ப் பாதி முழுதாக 2 வோல்ட் வரை இறங்கும். அதனால் சர்க்யூட் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வெளியீடு என்று எழுதிய இரண்டு புள்ளிகளும் எதன் இரு முனைகள் என்பதைத்தான். அதற்கு அடுத்தது டையோடின் பட்டை எந்தப் பக்கம் என்பது. மங்கலான படத்தில் முக்கோணமும் பட்டையும் ஒட்டி ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தால், வெளியீட்டு மேடு மேலேயா கீழேயா என்று பார்த்துப் பட்டையின் பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, ப்ரிட்ஜ் ரெக்டிஃபையர். நான்கு டையோடு, அதே 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர். வெளியீட்டு அலை என்று கொடுத்திருந்த படத்தில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு மேடுதான் இருந்தது. உயரம் மூன்று கட்டத்துக்குச் சற்று மேல், 15.6 வோல்ட். என்ன கோளாறு?

நல்ல ப்ரிட்ஜில் இரண்டு அரைச் சுற்றுக்கும் மேடு வர வேண்டும், 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எதிரெதிராக இருக்கும் இரண்டு டையோடுகள் சேர்ந்து கடத்துவதால் உச்சம் 17 இலிருந்து 1.4 குறைந்து 15.6. உயரம் சரியாக இருக்கிறது, ஒன்று விட்டு ஒன்று மேடு காணவில்லை. அப்படியென்றால் ஒரு ஜோடி ஒழுங்காக வேலை செய்கிறது, இன்னொரு ஜோடியில் ஒன்றாவது ஓப்பன் ஆகிவிட்டது. ஜோடியில் எது என்று அலையை வைத்துச் சொல்ல முடியாது, மீட்டர்தான் சொல்லும்.

"ஷார்ட் ஆகியிருந்தா, மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஷார்ட் ஆன டையோடு இப்படி அமைதியான அரை அலையைத் தராது. ஒரு அரைச் சுற்றில் ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி அந்த ஷார்ட் வழியாகவும் பக்கத்து டையோடு வழியாகவும் நேராக மூடிக்கொள்ளும். ஃபியூஸ் போகும், அல்லது பக்கத்து டையோடு போகும், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மர் சூடேறி வாசனை வரும். தாளில் அழகாக வரையும் அளவுக்கு அது நின்று நிதானமாக அலை காட்டாது.

இதற்குப் பின்னால் ஃபில்டர் கெப்பாசிட்டர் இருந்தால் மேடுகள் கண்ணில் படாது, ரிப்பிள் மட்டும்தான் தெரியும். அப்போதும் இதே கோளாற்றைப் பிடிக்கலாம். கெப்பாசிட்டர் தனியாக லோடைச் சுமக்கும் நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு:

```
ΔV ≈ I × t / C
```

லோடு 100 மில்லிஆம்பியர், கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட் என்றால், நல்ல ப்ரிட்ஜில் 10 மில்லிசெகண்டுக்கு 1 வோல்ட் ரிப்பிள். ஒரு டையோடு ஓப்பன் ஆனால் 20 மில்லிசெகண்டுக்கு 2 வோல்ட். இது கொஞ்சம் கூட்டியே காட்டும் கணக்கு, ஏனென்றால் சுற்றில் ஒரு பகுதி நேரம் டையோடு கெப்பாசிட்டரைத் திரும்ப நிரப்பிக்கொண்டிருக்கும். ஆனால் இரு மடங்கு என்பது இரு மடங்குதான். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் இதைக் காதாலேயே பிடிப்பார்கள்: ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுவார்கள், அதைவிட ஆழமான 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் டையோடு அல்லது எர்த்திங் பக்கம் போவார்கள்.

ப்ரிட்ஜ் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தாளில் பார்த்ததை லேபில் செய்து பார்க்கத் தோன்றும். ஒர்க்‌ஷீட்டில் மேலே உள்ளீட்டு அலை, நேர்கீழே வெளியீட்டு அலை என்று அடுக்கி வரைந்திருக்கிறார்கள். இரண்டு சேனல் சிஆர்ஓவில் அப்படியே எடுக்கலாம் போலத் தோன்றும். அரை அலை சர்க்யூட்டில் எடுக்கலாம், அங்கே உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரு முனை பொது. ப்ரிட்ஜில் பொது முனை கிடையாது. சாதாரண பெஞ்ச் சிஆர்ஓவில் இரண்டு சேனலின் கிரவுண்டு கிளிப்பும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒரு கிளிப்பை வெளியீட்டின் மைனஸிலும் இன்னொன்றை ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனையிலும் மாட்டினால், அவற்றுக்கு நடுவில் இருக்கும் டையோடை நாமே ஷார்ட் செய்துவிடுகிறோம். ஒரு அரைச் சுற்று வழக்கம்போல் ஓடும். அடுத்த அரைச் சுற்றில், சற்று முன்பு சொன்ன அதே ஷார்ட், இந்த முறை கிளிப் வயர் வழியாக. ஆகவே அந்த இரண்டு அலைகளையும் தனித்தனியாக எடுத்துத்தான் தாளில் அடுக்க முடியும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் கிரவுண்டு கிளிப்பைத் தொடாமல், ஒவ்வொரு முனையிலும் ஒரு சேனலின் நுனியை வைத்து, சிஆர்ஓவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்ல வேண்டும்.

இனி ட்ரான்சிஸ்டர். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபையர், பிசி 547. சப்ளை 12 வோல்ட். பேஸுக்கு மேலே 47 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம், அதன் குறுக்கே ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உள்ளீடு ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் பேஸுக்குப் போகிறது. வெளியீடு நேராகக் கலெக்டரிலிருந்து எடுத்தது.

அலையைத் தொடுவதற்கு முன்பு, சிக்னல் இல்லாதபோது கலெக்டர் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். 12 வோல்ட் 47க்கும் 10க்கும் பிரிந்தால் பேஸில் 2.1. அதில் 0.7 கழித்தால் எமிட்டரில் 1.4. ஒரு கிலோ ஓமில் 1.4 வோல்ட் என்றால் 1.4 மில்லிஆம்பியர். ஏறத்தாழ அதே கரண்ட் கலெக்டர் ரெசிஸ்டரிலும் ஓடி 6.6 வோல்ட்டை இறக்கும். மிச்சம் 5.4. இந்த 5.4 தான் அலை ஏறி இறங்க வேண்டிய நடுக்கோடு.

படத்தில் வெளியீட்டு அலை நடுவில் ஒரு கோட்டைச் சுற்றி மேலும் கீழும் போகிறது. அக்கா மகள் அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, கீழே போவதை மைனஸ் 2.35 வோல்ட் என்று எழுதியிருந்தாள். 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மாட்டிய ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் மைனஸுக்குப் போக வழியே இல்லை. படத்தின் கீழ் ஓரத்தை உற்றுப் பார்த்தால் நிழலுக்குள் ஒரு சின்ன 0 இருந்தது. பூஜ்ஜியக் கோடு அங்கே, அலையின் நடுக்கோடு அதற்கு 2.7 கட்டம் மேலே. கட்டத்துக்கு 2 வோல்ட் என்பதால் 5.4. வெளியீட்டில் இன்னொரு கெப்பாசிட்டர் போட்டு அதற்கு அப்பால் எடுத்திருந்தால் அவள் எழுதியது சரியாக இருந்திருக்கும், ஏனென்றால் அந்தக் கெப்பாசிட்டர் 5.4 ஐத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் விடும். சிஆர்ஓவின் ஏசி-டிசி ஸ்விட்ச் செய்வதும் இதே வேலைதான். அது எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியாமல் திரையின் படத்தை மட்டும் வைத்துக் கலெக்டர் வோல்டேஜ் சொல்ல முடியாது.

முதல் உட்பிரிவு: உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் என்ன உறவு? உள்ளீடு ஏறும்போது வெளியீடு இறங்குகிறது. பேஸ் ஏறினால் கரண்ட் கூடும், கலெக்டர் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜ் கூடும், கலெக்டரில் மிச்சம் குறையும். புத்தகத்தில் 180 பாகைக் கட்ட வேறுபாடு என்று எழுதுவதைப் படித்துவிட்டு, வெளியீடு அரைச் சுற்று தாமதமாக வருகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. சைன் அலையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், வித்தியாசம் பிடிபடாது. நான் அவளிடம் ரம்பப்பல் அலையை வரையச் சொன்னேன், மெல்ல ஏறிச் சட்டென்று விழுவது. அதை அரைச் சுற்று தள்ளினால் இப்போதும் மெல்ல ஏறிச் சட்டென்று விழும், இடம்தான் மாறும். ஆம்ப்ளிஃபையர் தருவது மெல்ல இறங்கிச் சட்டென்று ஏறும் அலை. தலைகீழாவதுதான் நடக்கிறது. உள்ளீடு அசைந்த அதே நொடியில் வெளியீடும் அசைகிறது.

இரண்டாவது உட்பிரிவில் உள்ளீட்டு உச்சத்தை 1 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். வெளியீட்டின் மேல் பக்கம் 10 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை உருண்டையாக இருக்கிறது. கீழ்ப் பக்கம் 2.3 வோல்ட் பக்கத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. கட்-ஆஃபா, சாச்சுரேஷனா?

அலை கீழே இருக்கும்போது கலெக்டர் வோல்டேஜ் குறைவு, அதாவது கரண்ட் அதிகம். ஆகவே சாச்சுரேஷன். கட்-ஆஃப் என்றால் கரண்ட் நின்று கலெக்டர் 12 வோல்ட்டில் முட்டும், மேல் பக்கம் வெட்டுப்படும். சரி, கீழே எல்லை ஏன் 2.3? கலெக்டர் இறங்குகிறது, அதே நேரத்தில் எமிட்டர் பேஸைப் பின்தொடர்ந்து ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் எல்லை, நடுவில் 0.2 வோல்ட் மட்டும் மிஞ்சும். உள்ளீடு x ஏறினால் எமிட்டரும் x ஏறும், கலெக்டர் 4.7x இறங்கும்:

```
5.4 - 4.7x = 1.4 + x + 0.2
x = 3.8 / 5.7 ≈ 0.67
```

ஆக 0.67 வோல்ட் உச்சத்துக்கு மேல் கொடுத்தால் கீழே வெட்டுப்படும். அந்த நேரத்தில் கலெக்டர் இருப்பது 2.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில். மேல் பக்கம் முட்ட 1.4 வோல்ட் உச்சம் வேண்டும். இரண்டும் சமமில்லை, நடுக்கோடு தாழ்வாக நிற்கிறது. பேஸின் கீழ் ரெசிஸ்டரை 10 இலிருந்து 8.2 கிலோ ஓம் ஆக்கினால் எமிட்டர் 1.1க்கும் கலெக்டர் 6.9க்கும் போய்விடும், அதே கணக்கைத் திரும்பப் போட்டால் கீழே 0.99 வரையும் மேலே 1.08 வரையும் தாங்கும். கலெக்டரைச் சப்ளையில் பாதியில், 6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். எமிட்டர் கீழே ஒரு வோல்ட்டுக்கு மேல் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது பாதி என்பது நடு இல்லை.

மூன்றாவது உட்பிரிவுதான் ஒர்க்‌ஷீட்டை எழுதியவர் விவரமானவர் என்று காட்டியது. "இந்தச் சர்க்யூட்டில் ஒரு பாகம் பழுது. அலைவடிவத்திலிருந்து அது எது என்று கண்டுபிடிக்கவும்." அக்கா மகள் ட்ரான்சிஸ்டர் என்று எழுதியிருந்தாள்.

ஆதாரம் முதல் உட்பிரிவின் படத்திலேயே இருக்கிறது. அங்கே உள்ளீடு அரை வோல்ட் உச்சம், வெளியீடு 2.35 வோல்ட் உச்சம். பெருக்கம் 4.7. கலெக்டர் ரெசிஸ்டரை எமிட்டர் ரெசிஸ்டரால் வகுத்தால் வருவதும் 4.7. எமிட்டரில் கெப்பாசிட்டர் இல்லாத ஆம்ப்ளிஃபையருக்கு இது கச்சிதமான பதில். நான் இரண்டாவது உட்பிரிவில் போட்ட கணக்கும் எமிட்டர் பேஸோடு சேர்ந்து ஏறுகிறது என்று வைத்துப் போட்டதுதான், அதுவும் படத்தோடு பொருந்தியது. ஆனால் சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் இருக்கிறதே. அது வேலை செய்தால் சிக்னலைப் பொறுத்தவரை எமிட்டர் அசையவே அசையாது. அந்த ஒரு கிலோ ஓமுக்குப் பதில் ட்ரான்சிஸ்டரின் உள்ளேயே இருக்கும் சின்ன மின்தடைதான் கணக்கில் வரும். 25 மில்லிவோல்ட்டை 1.4 மில்லிஆம்பியரால் வகுத்தால் 18 ஓம். பெருக்கம் 260 பக்கம். அப்படி ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு அரை வோல்ட் கொடுத்தால் உருண்டையான அலையே மிஞ்சாது, மேலும் கீழும் முட்டிச் சதுர அலை மாதிரி வந்துவிடும். உருண்டையாக வருவதே அந்தக் கெப்பாசிட்டர் ஓப்பன் என்பதற்குச் சாட்சி. ட்ரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்றால் கலெக்டர் 5.4 இல் நின்றிருக்காது. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் எமிட்டர் பூஜ்ஜியத்துக்குப் போய் ட்ரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் உட்கார்ந்திருக்கும், சிக்னல் இல்லாதபோது கலெக்டர் 5.4க்குப் பதில் 0.2 வோல்ட் பக்கத்தில்தான் நிற்கும்.

இதற்கு இன்னொரு தடயமும் உண்டு, தாளில் வரையாமல் விட்டுவிட்டார்கள். இரண்டாவது உட்பிரிவின் வெட்டுப்பட்ட அடிப்பகுதியை ஒரே நேர்கோடாக இழுத்திருக்கிறார்கள். உண்மையில் சாச்சுரேஷன் ஆன பிறகும் உள்ளீடு 0.67 இலிருந்து 1 வோல்ட் வரை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எமிட்டர் கூடவே ஏறும், கலெக்டர் எமிட்டரோடு ஒட்டிக்கொண்டு அதுவும் ஏறும். உச்சத்தில் எமிட்டர் 2.4, கலெக்டர் 2.6. ஆகவே சிஆர்ஓவில் அந்தத் தட்டையான அடியின் நடுவில் 0.3 வோல்ட் உயரத்துக்கு ஒரு சின்னப் புடைப்பு மேல்நோக்கித் தெரியும். கெப்பாசிட்டர் உயிரோடு இருந்தால் எமிட்டர் அசையாது, புடைப்பும் இருக்காது.

லேபில் இதே சர்க்யூட் கிடைத்தால் உறுதி செய்வது சுலபம். கெப்பாசிட்டரைக் கழற்றக்கூட வேண்டாம். உள்ளீட்டைச் சில மில்லிவோல்ட்டுக்குக் குறைத்துவிட்டு, நல்ல 100 மைக்ரோஃபாரட் ஒன்றை எடுத்து, பிளஸ் முனை எமிட்டரிலும் மைனஸ் கிரவுண்டிலுமாகப் பழைய கெப்பாசிட்டரின் கால்களுக்குக் குறுக்கே பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். திரையில் அலை குபீரென்று உயர்ந்தால் பழையதை மாற்றிவிடலாம்.